கல்யாணத்துக்கு இன்சூரன்ஸ்: எதற்குப் பாலிசி, எதற்கு ஒப்பந்தம், எதற்குக் கைக்காசு

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தம் குறிக்கிற குடும்பங்களுக்கு ஜோசியர் சொல்லாத ஒரு கிரகம் உண்டு. அது வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா, 2020 நவம்பரில் நிவர், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் என்று, மண்டபங்கள் நிரம்பி வழியும் மாதங்களில்தான் புயலும் வருகிறது. அதனால் "கல்யாணத்துக்கு இன்சூரன்ஸ் போடலாமா" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். கேள்வி சரிதான், ஆனால் இது ஒரே கேள்வி இல்லை. மேடை அலங்காரம் கெட்டுப்போவது, வாடகைச் சாமான் உடைவது, நிகழ்ச்சி தள்ளிப்போவது, மண்டபத்துக்குச் சேதம் வருவது என்று நான்கு நஷ்டங்கள் இருக்கின்றன. நான்கையும் ஒரே பாலிசி ஒரே மாதிரி தாங்காது.

கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. மண்டபக்காரர் ஏற்கெனவே வைத்திருக்கும் காப்பீட்டை நம்புவது ஒன்று. மண்டபம், டெக்கரேஷன், சமையல் என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் நிபந்தனை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைக் கைக்காசில் சமாளிப்பது இரண்டாவது. பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் தனியாகத் திருமணப் பாலிசி எடுப்பது மூன்றாவது.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பேசலாம். மயிலாடுதுறை பக்கம் பெண் வீட்டார் கார்த்திகையில் கல்யாணம் வைக்கிறார்கள், சுமார் 600 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். மண்டபம் இரண்டு நாளுக்கு ஒன்றரை லட்சம், சமையல் மூன்றரை லட்சம், டெக்கரேஷன் 1,20,000, போட்டோ வீடியோ ஒரு லட்சம். ஜெனரேட்டர், எல்இடி திரை, மைக் செட், பாத்திரம் எல்லாம் சேர்த்து 90,000. மேளம், பத்திரிகை, இதர செலவு 90,000. மொத்தம் ஒன்பது லட்சம். நகையும் துணியும் இதில் சேரவில்லை.

"மண்டபத்துக்கே இன்சூரன்ஸ் இருக்கு சார்"

மேனேஜர் இப்படிச் சொன்னால் பொய்யாக இருக்காது. கட்டடம், நாற்காலி, ஏசி, ஜெனரேட்டர் இவற்றுக்குத் தீ, புயல், வெள்ளம் போன்ற ஆபத்துகளுக்கு எதிராகப் பெரும்பாலும் ஒரு பாலிசி இருக்கும். சொத்து மதிப்பு ஐந்து கோடிக்குள் அடங்கும் இடம் என்றால் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுவான திட்டத்தில் எடுத்திருப்பார்கள். ஆனால் அது மண்டபக்காரருடைய சொத்துக்கு, அவருடைய பெயரில் உள்ள பாலிசி. நீங்கள் கொடுத்த அட்வான்ஸ், டெக்கரேஷன்காரர் கொண்டுவந்த ஃபைபர் மணவறை, பாத்திரக் கடையிலிருந்து வந்த அண்டா எதுவும் அதில் சேராது.

பலர் யோசிக்காத விஷயம் இதற்கு அடுத்தது. மேடைக்குப் பின்னால் சீரியல் லைட் ஒயரில் தீப்பொறி கிளம்பி, தொங்கவிட்ட துணியில் பற்றி, மேற்கூரை வரை ஏறிவிட்டது என்று வையுங்கள். மண்டபக்காரரின் காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துவிடும். கொடுத்த கையோடு அவருடைய இடத்தில் அந்த நிறுவனம் வந்து நின்று, தீக்குக் காரணமானவரிடம் அந்தத் தொகையை வசூலிக்கச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. காரணமானவர் டெக்கரேஷன்காரராக இருக்கலாம். மண்டப ஒப்பந்தத்தில் "வாடகைக்கு எடுத்தவரும் அவர் அழைத்து வருபவர்களும் ஏற்படுத்தும் எல்லாச் சேதத்துக்கும் வாடகைதாரரே பொறுப்பு" என்ற வரியின் கீழ் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், அது நீங்களாகவும் இருக்கலாம். மண்டபத்துக்கு இன்சூரன்ஸ் இருப்பதால் உங்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. சில நேரம் கோபம் தணிந்து விட்டுக்கொடுக்கத் தெரிந்த மண்டபக்காரருக்குப் பதிலாக, விட்டுக்கொடுக்கத் தெரியாத ஒரு நிறுவனம் எதிரே வந்து நிற்கும். எனக்கு இந்த வழி மூன்றில் கடைசி.

அதனால் மேனேஜரிடம் கேட்க வேண்டியது இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பது அல்ல. விருந்தினருக்குக் காயம் பட்டால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புப் பாலிசி இருக்கிறதா, அதில் வாடகைக்கு எடுப்பவரும் அடங்குவாரா என்று கேட்க வேண்டும்.

உடைந்த நாற்காலிக்குப் பாலிசி வேண்டாம்

மண்டபச் சேதம் என்றாலே நம் மனசில் தீதான் வரும். நடைமுறையில் வருவது வேறு. தூணில் ஆணி, சுவரில் இருபக்க டேப் உரித்தபோது சேர்ந்து வந்த பெயின்ட், ஹோமப் புகை படிந்த கூரை, டைல்ஸில் போகாத மஞ்சள் தண்ணீர்க் கறை, சோற்றுப் பருக்கை அடைத்த சாக்கடை, உடைந்த குழாய். கூட்டம் கலைந்ததும் மேனேஜர் ஒரு நோட்டோடு மாடிக்கும் கீழுக்கும் நடந்து, அறைக் கதவுகளைத் திறந்து பார்த்து எழுதுவார். கடைசியில் காஷன் டெபாசிட்டில் ஐயாயிரம், எட்டாயிரம் என்று பிடிப்பார்.

இந்தத் தொகைகளுக்குப் பாலிசி பயன்படாது. ஒவ்வொரு பாலிசியிலும் முதல் இவ்வளவு ரூபாய் உங்கள் பங்கு என்று ஒரு வரம்பு இருக்கும். அது பத்தாயிரமாக இருந்தால், எட்டாயிரம் ரூபாய் டைல்ஸ் கறை முழுவதும் உங்கள் தலையில்தான். தேய்மானமும் வேண்டுமென்றே செய்ததும் எப்படியும் வெளியே. ஆணி அடித்தது வேண்டுமென்றே செய்ததுதானே.

இங்கே வேலை செய்வது போன் கேமரா. சாவி வாங்கும்போது, மண்டப ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, ஹால், சாப்பாட்டுக் கூடம், அறைகள், கழிப்பறை எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து அவர் நம்பருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சாவி கொடுக்கும்போதும் அதே மாதிரி. பழைய விரிசலுக்குப் புதுக் காசு பிடிக்கிற பழக்கம் அதோடு பாதி குறையும். டெக்கரேஷன்காரரிடம் ஆணி, டேப் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்று எழுதி வாங்கிவிட்டால் மீதியும் குறையும்.

வாடகைச் சாமான் யாருடைய பொறுப்பு

பாத்திரக் கடையிலிருந்து அண்டா, கரண்டி, டபரா எல்லாம் எண்ணி, பட்டியல் போட்டு உங்கள் கைக்கு வருகின்றன. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் தன் சொந்தப் பொருளைப் போல் நியாயமாகக் கவனித்தால் போதும். அப்படிக் கவனித்தும் கெட்டால் அவர் பொறுப்பில்லை என்று 151, 152ஆம் பிரிவுகள் சொல்கின்றன. ஆனால் 152ஆம் பிரிவில் ஒரு வால் இருக்கிறது: தனி ஒப்பந்தம் இருந்தால் அதுதான் செல்லும். வாடகை ரசீதின் பின்பக்கம் "எக்காரணத்தால் சேதமானாலும் புது விலை" என்று அச்சடித்திருப்பது அந்த வாலைப் பிடித்துத்தான்.

ஃபைபர் மணவறையும் எல்இடி திரையும் வேறு வகை. அவற்றை அவர்கள் ஆட்களே கொண்டுவந்து, கட்டி, பக்கத்திலேயே நின்று, கழற்றிக்கொண்டு போகிறார்கள். பொருள் உங்கள் கைக்கு வருவதே இல்லை. அதனால் காற்றில் சாய்ந்து உடைந்தால் அது அவர்களுடைய நஷ்டம் என்று வாதாட இடம் இருக்கிறது, நீங்கள் வேறு மாதிரி எழுதிக் கொடுக்காத வரை. இரண்டு லட்சம் ரூபாய் எல்இடி திரைக்கு வாடகை எடுப்பவர் பொறுப்பு என்று கேட்கிற கடைக்காரரிடம், அவர் தன் கருவிகளுக்குத் தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று விசாரிப்பது நியாயமானது. வருஷம் முழுக்க அதை வைத்துச் சம்பாதிப்பவர் அவர்தான்.

பாலிசியில் இந்த இரண்டையும் சேர்ப்பதாக இருந்தால் மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்க, 2 லட்சம் மதிப்புள்ள அலங்காரத்தையும் சாமானையும் ஒரு லட்சம் என்று எழுதினால், 40,000 ரூபாய் சேதத்துக்கு 20,000தான் கணக்காகும். பாதி மதிப்புக்குக் காப்பீடு எடுத்தவர் மீதிப் பாதிக்குத் தானே காப்பீட்டாளர் என்பது சொத்துப் பாலிசிகளின் வழக்கமான விதி. அந்த இருபதாயிரத்திலிருந்துதான் உங்கள் பங்கையும் கழிப்பார்கள். இன்னொன்று, பூ வாடுவது, மழைச் சாரலில் துணி சுருங்குவது, லைட் போர்டு தானாகவே பழுதாவது எந்தப் பாலிசியிலும் வராது. திடீர் விபத்தால் வரும் சேதம் வேண்டும்.

தள்ளிப்போனால்

பணம் பெரிதாகப் போகிற இடம் இதுதான். பாலிசியும் ஒப்பந்தமும் நேருக்கு நேர் மோதுவதும் இங்கேதான்.

நம் மயிலாடுதுறைக் குடும்பத்துக்கு வருவோம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மண்டபத்துக்குள் முழங்கால் தண்ணீர். கல்யாணம் மூன்று வாரம் தள்ளிப்போகிறது. எந்த நிபந்தனையும் எழுதி வாங்கவில்லை என்றால் போவது இவ்வளவு: மண்டப அட்வான்ஸ் 75,000, சமையல்காரர் வாங்கிப் போட்ட காய்கறியும் முன்பணமும் 90,000, டெக்கரேஷனில் பூவும் கூலியும் 60,000, போட்டோகாரர் அட்வான்ஸ் 30,000, பத்திரிகை வகையில் 25,000, வாடகைச் சாமானில் 20,000. மொத்தம் மூன்று லட்சம்.

இதே குடும்பம் முதலிலேயே தேதி மாற்றும் நிபந்தனை எழுதி வாங்கியிருந்தால், மண்டபமும் போட்டோவும் வாடகைச் சாமானும் அட்வான்ஸை அடுத்த தேதிக்கு மாற்றிவிடும், சமையல்காரர் முன்பணமும் டெக்கரேஷன் கூலியும் அதே மாதிரி. மிஞ்சுவது அழுகும் பொருளும் பத்திரிகையும்தான்: பூவில் 35,000, காய்கறி பால் வகையில் 60,000, பத்திரிகை 25,000. மூன்று லட்சம் நஷ்டம் 1,20,000 ஆகச் சுருங்கிவிட்டது, காலணா பிரீமியம் கட்டாமல். நிபந்தனை நீளமாக இருக்கத் தேவையில்லை. வெள்ளம், புயல், அரசு உத்தரவு, நெருங்கிய உறவில் மரணம் இவற்றால் நடத்த முடியாமல் போனால், ஆறு மாதத்துக்குள் காலியாக இருக்கும் வேறு தேதிக்கு அட்வான்ஸ் முழுவதும் மாற்றப்படும் என்ற ஒரே வரி போதும். மண்டபத்துக்குள் தண்ணீர் நின்று நடத்தவே முடியாமல் போனால், ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65ஆம் பிரிவுகளைக் காட்டி அட்வான்ஸைத் திரும்பக் கேட்கவும் இடம் உண்டு. ஆனால் மண்டபம் சரியாக இருந்து, ரோட்டில் தண்ணீர் என்று நீங்களே தள்ளிவைத்தால் அந்த வாதம் பலவீனம். அதோடு, கல்யாண வேலையின் நடுவில் நுகர்வோர் ஆணையத்துக்கு அலைய யாருக்கு நேரம்? எழுதி வாங்கிய வரி வேகமானது.

சரி, பாலிசியும் இருந்தது என்றால்? ஒன்பது லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்று வைத்தால் பிரீமியம் 9,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,620, ஆக 10,620. விகிதம் நிறுவனத்துக்கும் இடத்துக்கும் தகுந்தபடி முன்னே பின்னே இருக்கும். ஈடு கிடைப்பது மாற்ற முடியாத, திரும்பக் கிடைக்காத செலவுக்கு மட்டும். அதாவது அந்த 1,20,000இல் உங்கள் பங்கு பத்தாயிரம் போக 1,10,000. மண்டபக்காரர் தேதி மாற்றித் தந்த 75,000ஐ நிறுவனத்திடமும் கேட்க முடியாது. எனவே இந்த இரண்டில் எது என்று நிற்பதைவிட, நிபந்தனை முதலில், பாலிசி அதற்குமேல் என்று வைத்துப் பார்ப்பது கணக்குக்குப் பொருந்துகிறது. மழை மாதத்தில் 10,620 கட்டி 1,10,000க்குப் பாதுகாப்பு வாங்குவது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. தை, மாசி முகூர்த்தம் என்றால், இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் எடுக்க மாட்டேன்.

ரத்துப் பிரிவில் எந்தக் காரணம் செல்லும் என்பதை வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். தீ, வெள்ளம், புயல், மணமக்களுக்கு விபத்து, மணமக்கள் அல்லது பெற்றோர், உடன்பிறந்தவர் மரணம், இவை பொதுவாக உள்ளே வரும். மாப்பிள்ளை மனம் மாறியது, இரண்டு வீட்டுச் சண்டை, விமானம் தவறியது, விசா வராதது, மழையில் கூட்டம் வராமல் சாப்பாடு மிஞ்சியது, இவை வெளியே. ஏற்கெனவே நோயில் படுத்திருந்தவரின் மரணத்தைப் பல பாலிசிகள் தள்ளிவிடும். தொற்றுநோய் ஊரடங்கைக் கொரோனாவுக்குப் பிறகு பொதுவாகவே ஒதுக்கிவிடுகிறார்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. தாலி கட்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் பெரியப்பா மகன் இறந்தால், பங்காளித் தீட்டு என்று பல வீடுகளில் கல்யாணம் தள்ளிப்போகும். பாலிசியின் பட்டியலில் பெரியப்பா மகன் இல்லை. "குடும்பத்தார்" என்ற சொல்லை நம்பி எடுத்தவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அந்தச் சொல்லுக்குப் பாலிசியின் விளக்கப் பக்கத்தில் யார் யார் என்று எழுதியிருக்கும். பங்காளி வகையில் வயதானவர்கள் அதிகம் இருக்கும் வீட்டுக்குப் பாலிசியைவிட மண்டபக்காரரின் நிபந்தனையில் "பங்காளி மரணம்" என்ற இரண்டு வார்த்தையைச் சேர்ப்பது அதிகம் உதவும். மண்டபக்காரரும் நம் ஊர்க்காரர்தான், அவருக்குத் தீட்டு என்றால் விளக்கம் தேவையில்லை.

பாலிசி உண்மையில் எதற்கு

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு கீற்றுப் பந்தல் குறைந்தது. ஆனால் அதன் இடத்தில் இப்போது வந்திருப்பவை துணிக்கூரை, தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ, மணிக்கணக்கில் எரியும் லைட்டுகள். இப்படி ஒன்று நடந்தால் வரும் இழப்பீட்டுத் தொகையை எந்த நடுத்தரக் குடும்பமும் கைக்காசில் தாங்காது, எந்த டெக்கரேஷன்காரரின் கையெழுத்தும் தாங்காது. திருமணப் பாலிசியில் நான் மதிக்கிற பிரிவு இந்தப் பொறுப்புப் பிரிவுதான். விருந்தினருக்குக் காயம், மரணம், அடுத்தவர் சொத்துக்குச் சேதம், இவற்றுக்கு நீங்கள் சட்டப்படி கொடுக்க வேண்டிய தொகையை அது ஏற்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார். பொறுப்புப் பாலிசிகளில் "காப்பீடு எடுத்தவரின் பராமரிப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள சொத்து" விலக்கு என்று வழக்கமாக ஒரு வரி வரும். இரண்டு நாளுக்குச் சாவி வாங்கிய மண்டபம் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள சொத்துதானே? பக்கத்துக் கடை எரிந்தால் ஈடு உண்டு, மண்டபம் எரிந்தால் இல்லை என்று அர்த்தம் ஆகிவிடலாம். எனவே வாடகைக்கு எடுத்த நிகழ்விடத்தின் சேதமும் உள்ளே வருகிறது என்று பாலிசியிலேயோ இணைப்புத் தாளிலேயோ அச்சில் இருக்க வேண்டும். மெயிலில் கேளுங்கள், மெயிலில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் தலையாட்டியது செல்லாது. அதே மெயிலில், டெக்கரேஷன்காரர், சமையல்காரர் ஆட்களால் வரும் சேதத்துக்கும் உங்கள் மேல் வழக்கு வந்தால் பாலிசி ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள். சமையல்கட்டில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாஸ்டரின் ஆள் பல பாலிசிகளில் விருந்தினர் கணக்கில் வரமாட்டார், அவருக்கு மாஸ்டர்தான் பார்க்க வேண்டும்.

நகை பற்றி ஒரு வரி: தனி வரம்பும் பூட்டி வைத்த இடம் பற்றிய நிபந்தனையும் இருக்கும், மணமகள் அறைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனது அதில் அடங்காது.

பில் இல்லாத கல்யாணம்

நல்ல பாலிசியும் வீணாகிற இடம் இது. கல்யாணச் செலவில் பெரும்பகுதி துண்டுச் சீட்டில் நடக்கிறது. சமையல் மாஸ்டர் டைரியில் ஒரு பக்கம் கிழித்து "அட்வான்ஸ் 50 வரவு" என்று எழுதிக் கொடுப்பார். ஐம்பது ரூபாயா ஐம்பதாயிரமா என்பது இருவருக்கும் தெரியும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குத் தெரியாது. பணத்தை யுபிஐ அல்லது வங்கி வழியாக அனுப்பி, பெயர், தேதி, எதற்கான முன்பணம், ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று எழுதிய ரசீது வாங்க வேண்டும். பில் கேட்டால் ஜிஎஸ்டி சேரும் என்பார்கள், உண்மைதான். மொத்தத்தையும் ரொக்கமாகவே முடிக்கப் போகிறவர்கள் ரத்துப் பிரிவுக்குப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை, பொறுப்புப் பிரிவை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்கலாம்.

நஷ்டம் நடந்தால் அன்றைக்கே நிறுவனத்துக்குத் தகவல், ஒதுக்குவதற்கு முன் போட்டோ வீடியோ, தண்ணீர் புகுந்ததற்கு மண்டபக்காரரின் கடிதம், தீ என்றால் தீயணைப்புத் துறை அறிக்கை, திருட்டு என்றால் எஃப்ஐஆர். உடைந்த சாமானை சர்வேயர் பார்க்கும்வரை பாத்திரக் கடை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடக் கூடாது. நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, பிறகு சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதற்குக் கட்டணம் கிடையாது.

எப்போது எடுப்பது என்றால், மண்டபத்துக்கு முதல் அட்வான்ஸ் கொடுக்கும் வாரத்திலேயே. கூடவே ரத்துப் பாதுகாப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள், சில பாலிசிகளில் அது நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்புதான் ஆரம்பிக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டது என்று டிவியில் சொன்ன பிறகு போனால், தெரிந்த ஆபத்து என்று அந்தப் புயலை விலக்கித்தான் கொடுப்பார்கள், அல்லது கொடுக்கவே மாட்டார்கள். மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன் வேறு மண்டபத்தில் என்றால் இரண்டு முகவரியும் இரண்டு தேதியும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், விட்டுப்போன முகவரியில் நடப்பது எதற்கும் பாலிசி இல்லை.